எட்டாவது லெவலில் காணாமல் போகிறவர்கள்

சிறு குழுக்கள் உருவாக்கும் மொபைல் விளையாட்டுகளின் அனலிட்டிக்ஸ் பதிவுகளைப் படித்துத் தருவது என் வேலை. பெரும்பாலான குழுக்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஆட்டக்காரர் வெளியேறும்போது ஒரு நிகழ்வைப் பதிவு செய்துவிட்டால் போதும் அல்லவா?" என்பதுதான். போதாது. வெளியேறுவது என்பது பெரும்பாலும் எந்தப் பதிவையும் விட்டுச் செல்லாத செயல்.

விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் யூனிட்டி மென்பொருளில் `OnApplicationQuit` என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. கணினியில் அது ஒழுங்காக அழைக்கப்படும். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் அதை நம்ப முடியாது. ஆட்டக்காரர் ஹோம் பொத்தானை அழுத்திவிட்டு வேறு செயலிக்குப் போகிறார். சிறிது நேரம் கழித்து நினைவகம் போதாமல் இயங்குதளம் நம் விளையாட்டைச் சத்தமின்றி நிறுத்திவிடுகிறது. அந்த நொடியில் நம் நிரல் எதையும் எழுதுவதற்கு வாய்ப்பே இல்லை. ஹோம் பொத்தானை அழுத்தும்போது `OnApplicationPause` வரும். ஆனால் தொலைபேசி அழைப்பு வந்தாலும் அதே நிகழ்வுதான் வரும். ஆகவே விலகலை நேரடியாகப் பதிவு செய்ய முயல வேண்டாம். தொடக்கத்தையும் தோல்வியையும் முடிவையும் பதிவு செய்யுங்கள். ஒருவரின் கடைசிப் பதிவு எது, அதன் பிறகு எத்தனை நாள் மௌனம் என்பதைக் கொண்டு விலகலைக் கணக்கிடலாம்.

இதற்கு மூன்று நிகழ்வுகள் போதும்: `level_start`, `level_fail`, `level_complete`. தோல்வி நிகழ்வில்தான் விவரம் அதிகம் வேண்டும். கூகுளின் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் சேவையில் அதை இப்படி எழுதலாம்.

```csharp
FirebaseAnalytics.LogEvent("level_fail",
    new Parameter("level_id", "cave_03"),
    new Parameter("level_rev", 1),
    new Parameter("attempt", attempt),
    new Parameter("section", section),
    new Parameter("cause", "crumble"));
```

இதில் `level_id` என்பது லெவலின் நிரந்தரப் பெயர். வரிசை எண் அல்ல. நாளை லெவல்களின் வரிசையை மாற்றினால் "8" என்ற எண் வேறொரு லெவலைக் குறிக்கும், பழைய தரவும் புதிய தரவும் கலந்துவிடும். `level_rev` என்பது அந்த லெவலின் திருத்த எண். ஒரு முள்ளை நகர்த்தினாலும் இதை ஒன்று கூட்டுங்கள். திருத்தத்தின் பலனை அளக்க இது இல்லாமல் வழியே இல்லை. `section` என்பது லெவலை நீங்களே நான்கைந்தாகப் பிரித்துக்கொண்ட பகுதி எண். துல்லியமான எக்ஸ், ஒய் இடத்தைவிட இது படிக்க எளிது.

ஃபயர்பேஸ் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். `level_8_fail`, `level_9_fail` என்று ஒவ்வொரு லெவலுக்கும் தனி நிகழ்வுப் பெயர் வைக்காதீர்கள். நிகழ்வுப் பெயர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அதற்கு முன்பே அட்டவணை போட முடியாத குழப்பம் வந்துவிடும். அடுத்தது, நாம் சேர்த்த `section` போன்ற அளவுருக்களை அனலிட்டிக்ஸ் பக்கத்தில் தனிப்பயன் பரிமாணமாகப் பதிந்த பிறகுதான் அவை அறிக்கைகளில் தெரியும். பதிவதற்கு முன் வந்த தரவை அந்த அறிக்கைகள் காட்டாது. வெளியீட்டு நாளுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இனி அட்டவணை. கீழே உள்ள எண்கள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நான் அமைத்த மாதிரி. ஓடித் தாண்டும் வகை விளையாட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்களில் நிறுவியவர்களை ஒரு குழுவாக எடுத்து, மேலும் இரண்டு வாரம் காத்திருந்து, கடைசி ஏழு நாள் எந்தப் பதிவும் இல்லாதவர்களை மட்டும் விலகியவர்களாகக் கொள்கிறோம். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தக் காத்திருப்பு முக்கியம். நேற்று நிறுவி இன்று எட்டாவது லெவலில் இருப்பவரை விலகியவர் என்று எண்ணினால், எல்லா லெவலும் கடினமாகத் தெரியும்.

| லெவல் | தொடங்கியவர் | முடித்தவர் | அடுத்ததைத் தொடங்கியவர் |
|---|---|---|---|
| 5 | 1000 | 960 | 940 |
| 6 | 940 | 890 | 875 |
| 7 | 875 | 820 | 700 |
| 8 | 700 | 500 | 490 |
| 9 | 490 | 450 | 440 |

எண்ணப்படுவது ஆட்கள், நிகழ்வுகள் அல்ல. ஒருவர் எட்டாவது லெவலை இருபது முறை தொடங்கினாலும் "தொடங்கியவர்" பத்தியில் அவர் ஒருவர்தான்.

பலரும் இங்கே "முடித்தவர்" பத்தியை விட்டுவிட்டு, "ஏழாவதைத் தொடங்கியவர் 875, எட்டாவதைத் தொடங்கியவர் 700" என்று மட்டும் பார்ப்பார்கள். 20 விழுக்காடு இழப்பு, ஏழாவது லெவல் கடினம், எளிதாக்குங்கள் என்று முடிவெடுத்துவிடுவார்கள். ஆனால் ஏழாவது லெவலுக்குள் இழந்தது 55 பேரைத்தான். 6 விழுக்காடு, ஆறாவது லெவலைவிடச் சற்றே கூடுதல். மீதி 120 பேர் அதை வென்ற பிறகு போயிருக்கிறார்கள். வென்றவரை விரட்டியது கடினம் அல்ல. முழுத்திரை விளம்பரம் முதன்முறையாக அங்கே வருகிறதா, அடுத்த உலகத்தின் கோப்புகளைத் தரவிறக்கச் சொல்கிறதா, வரைபடத்தில் அடுத்த கதவு கண்ணுக்குப் படாமல் இருக்கிறதா, விலை குறைந்த போன்களில் அந்த இடத்தில் செயலி முறிகிறதா என்றுதான் தேட வேண்டும். ஏழாவது லெவலின் முட்களைக் குறைத்தால் இந்த 120 பேரில் ஒருவர்கூடத் திரும்ப மாட்டார்.

எட்டாவது லெவலின் கதை வேறு. 700 பேர் தொடங்கி 500 பேர் முடித்திருக்கிறார்கள். முடித்தவர்களில் 10 பேர் மட்டும் அடுத்ததற்குப் போகவில்லை. இழப்பு ஏறக்குறைய முழுவதும் லெவலுக்குள்ளேயே நடந்திருக்கிறது, 29 விழுக்காடு. இதுதான் உண்மையான கடின லெவல். இங்கே 700 பேர் இருப்பதால் அந்த விழுக்காட்டை ஓரளவு நம்பலாம். பிழை ஏறத்தாழ மூன்று விழுக்காட்டுப் புள்ளிகள் இப்புறமோ அப்புறமோ இருக்கும். இதே விழுக்காடு 30 பேரில் ஒன்பது பேர் விலகியதால் வந்திருந்தால், உண்மை 15 முதல் 50 வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த அளவுத் தரவை வைத்து லெவலை மாற்றுவதைவிட ஐந்து பேரை எதிரே உட்கார வைத்து ஆடச் சொல்லிப் பார்ப்பது மேல்.

எட்டாவது லெவலுக்குள் எந்த இடம் என்று இப்போது தேடுவோம். இந்த லெவலில் செக்பாயின்ட் இல்லை. தோற்றால் முதலிலிருந்து ஓட வேண்டும். 700 பேரும் சேர்ந்து 4200 முயற்சிகள் செய்திருக்கிறார்கள். நடுவில் கைவிட்ட முயற்சிகளை எளிமைக்காக விட்டுவிடுகிறேன்; உண்மைத் தரவில் தொடக்கம் மட்டும் இருந்து முடிவில்லாத முயற்சிகளைத் தனியே எண்ண வேண்டும்.

| பகுதி | எட்டிய முயற்சிகள் | தோல்விகள் | தோல்வி விழுக்காடு |
|---|---|---|---|
| 1 | 4200 | 420 | 10 |
| 2 | 3780 | 1680 | 44 |
| 3 | 2100 | 300 | 14 |
| 4 | 1800 | 1200 | 67 |
| 5 | 600 | 100 | 17 |

தோல்விகளின் எண்ணிக்கையை மட்டும் வண்ணப்படமாகப் போட்டால் இரண்டாம் பகுதிதான் சிவந்து தெரியும். வடிவமைப்பாளர் அங்கேதான் கை வைப்பார். ஆனால் இரண்டாம் பகுதிக்கு ஏறக்குறைய எல்லா முயற்சிகளும் வருகின்றன; நான்காம் பகுதியில் தோற்றவர் மறுபடி அதைக் கடந்துதான் போக வேண்டும். அதனால் அங்கே தோல்விகள் குவிகின்றன. எட்டியவற்றால் வகுத்துப் பார்த்தால், நான்காம் பகுதி மூன்றில் இரண்டு முயற்சிகளை வீழ்த்துகிறது.

இதோடும் நிறுத்தக் கூடாது. தோல்வி விழுக்காடு அதிகமாக இருப்பதே குற்றம் அல்ல. நன்றாக வடிவமைத்த கடினமான இடத்தில் மக்கள் பலமுறை தோற்று, சலிக்காமல் மீண்டும் முயல்வார்கள். விலகியவர்களுடைய கடைசித் தோல்வி எங்கே என்பதையே நான் கடைசிச் சாட்சியாக எடுத்துக்கொள்வேன். 200 பேரின் கடைசி `level_fail` பதிவுகளை மட்டும் பிரித்தெடுங்கள். நம் மாதிரியில் 150 பேருக்கு அது நான்காம் பகுதி, 25 பேருக்கு இரண்டாம் பகுதி, மீதி சிதறிக் கிடக்கின்றன என்று கொள்வோம். இரண்டாம் பகுதியில் 1680 தோல்விகள் நடந்தும் 25 பேர்தான் அதோடு போனார்கள். அங்கே தோற்பது ஓட்டத்தின் தொடக்கத்திலேயே நடப்பதால் இழக்கும் நேரம் குறைவு. நான்காம் பகுதியில் தோற்பவர், நாற்பது நொடி ஓடி வந்த உழைப்பை இழக்கிறார். வலிப்பது அதுதான்.

`cause` அளவுருவைப் பார்த்தால் பெரும்பாலும் `crumble` என்றிருக்கும்: காலடி பட்டதும் உதிரும் பலகை. அந்தப் பலகை விளையாட்டிலேயே முதன்முறையாக வருவது இங்கேதான், அதுவும் முட்குழிக்கு மேலே. அது உதிரும் என்பதை ஆட்டக்காரர் செத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அறிமுகமும் தண்டனையும் ஒரே இடத்தில் வந்து, அந்தத் தண்டனை நாற்பது நொடியாகவும் இருந்தால், குறை ஆட்டக்காரரின் திறமையில் இல்லை.

இரண்டு திருத்தங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. முதல் பகுதியில், கீழே விழுந்தாலும் சாகாத இடத்தில் ஓர் உதிரும் பலகையை வைக்கலாம். நான்காம் பகுதிக்கு முன் ஒரு செக்பாயின்ட் வைக்கலாம். நான் முதலில் பலகையைத்தான் வைப்பேன். செக்பாயின்ட் வலியைக் குறைக்கும், ஆனால் கற்பிக்காது. இரண்டையும் ஒரே வெளியீட்டில் சேர்த்தால் எது உதவியது என்று பிறகு சொல்ல முடியாது. `level_rev` எண்ணை 2 ஆக்கி வெளியிட்டு, எட்டாவது லெவலை முதன்முதலில் திருத்த எண் 2-இல் தொடங்கியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். பழைய வடிவத்தில் பத்து முறை தோற்றுப் பழகியவர் புதியதில் உடனே வெல்வார்; அவரைச் சேர்த்தால் திருத்தம் உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

பலனை எட்டாவது லெவலில் மட்டும் அளந்து மகிழ்ந்துவிடக் கூடாது. முன்பு அங்கேயே வடிகட்டப்பட்டவர்கள் இப்போது ஒன்பதாவது லெவலுக்கு வருகிறார்கள், அவர்களில் பலர் அங்கே திணறுவார்கள். மாதிரியிலேயே பார்ப்போம். அதே 700 பேரில் இப்போது 595 பேர் எட்டாவதை முடிக்கிறார்கள். முடித்தோர் 71 விழுக்காட்டிலிருந்து 85-க்கு ஏறிவிட்டனர், 14 புள்ளி லாபம். அவர்களில் 583 பேர் ஒன்பதாவதைத் தொடங்குகிறார்கள். ஆனால் அதன் உள்ளிழப்பு 8 விழுக்காட்டிலிருந்து 14-ஆகக் கூடிவிட்டது. முடிப்பவர் 501 பேர். திருத்தத்துக்கு முன் அதே 700 பேரில் 450 பேர் ஒன்பதாவதை முடித்தார்கள். அதாவது 64 விழுக்காடு 72 ஆகியிருக்கிறது. உண்மையான லாபம் 14 அல்ல, ஏழு புள்ளிகளுக்குச் சற்று மேல். ஒன்பதாவது லெவல் மாறவே இல்லை, அதை ஆடுகிறவர்கள் மாறிவிட்டார்கள். அடுத்த அட்டவணையை அந்த லெவலின் பகுதிகளுக்குப் போட வேண்டும்.