உண்டியல் காசு வங்கிக்குப் போய்ச் சேரும் வரை: மலைக்கோயில் கணக்கைத் தணிக்கை செய்யும் முறை

அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயில்களில் உண்டியல் வைப்பது, காப்பது, கணக்குக் காட்டுவது எல்லாவற்றுக்கும் 1975-ஆம் ஆண்டு விதிகள் தனியே உள்ளன. தாய்ச்சட்டம் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம். வரவு செலவுத் திட்டத்துக்குப் பிரிவு 86, கணக்குக்கும் தணிக்கைக்கும் பிரிவு 87. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் ஊர்க் கோயில்களில், துறையின் நேரடி நிர்வாகத்தில் இல்லாமல் ஊரார் அறக்கட்டளையாக நடத்துபவையும் இதே முறையைக் கடைப்பிடித்தால் பட்டயக் கணக்காளர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏட்டிலேயே விடை இருக்கும்.

தணிக்கையாளர் முதலில் பார்ப்பது எவ்வளவு காசு வந்தது என்பதை அல்ல. உண்டியலிலிருந்து எடுத்த தொகை, ஒரு ரூபாய்கூடக் குறையாமல் முழுதாக வங்கிக்குப் போனதா என்பதைத்தான். காணிக்கை போட்டவருக்கு ரசீது கிடையாது. பூட்டைத் திறக்கும் வரை உள்ளே எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே திறக்கும் நேரத்துக்கும் வங்கிச் செலானுக்கும் இடையில் உள்ள பாதைதான் ஒரே சாட்சி. அந்தப் பாதை நடுவில் அறுந்தால் பிறகு எந்தக் கணக்குப் புலியாலும் ஒட்ட முடியாது.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம். பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை. திறக்கும் நாளை முன்கூட்டி அறிவித்து, அறங்காவலர், செயல் அலுவலர் அல்லது தக்கார், துறை ஆய்வாளர், ஊரார் சிலர் முன்னிலையில் திறக்க வேண்டும். முத்திரை உடையாமல் இருந்ததா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பல இடங்களில் இந்த வரியை எண்ணி முடித்த பிறகு சேர்க்கிறார்கள். அப்போது அதற்கு மதிப்பே இல்லை.

மலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பனியும் மழையும் இறங்கி, உண்டியலுக்குள் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இழுத்தால் கிழியும். துணியில் பரப்பி உலர்த்தினால் அன்றே எண்ணி முடிக்க முடியாது, இரவு தங்கிவிடும். அந்த ஓர் இரவுதான் பெரும் ஓட்டை. எண்ணாமல் மிச்சமுள்ளதைப் பையில் போட்டுக் கட்டி, பைக்கு எண் கொடுத்து, எடை போட்டு, அரக்கு வைத்து, அதே சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, இரட்டைப் பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஈரநோட்டு காயும்போது எடை குறையும். ஆகவே எடையைவிட முத்திரைதான் முக்கியம். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை திறந்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு திறப்பில் நோட்டு மட்டும் ரூ. 2,31,900, சில்லறை ரூ. 18,000. மொத்தம் ரூ. 2,49,900 என்று எண்ணிக்கைப் பட்டியலில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் நோட்டு வங்கிக்குப் போகிறது. சில்லறை மூட்டை பாரம் என்று பதினோரு நாள் கோயிலிலேயே கிடக்கிறது. பிறகு கட்டும்போது வங்கி ரூ. 17,700-க்குத்தான் செலான் தருகிறது. ரூ. 300 எங்கே?

யாரும் எடுத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ரூபாய் என்று எழுதிய பை 5.820 கிலோ இருந்தது. 2011-இல் வந்த இரண்டு ரூபாய் நாணயம் 4.85 கிராம். அதால் வகுத்தால் 1,200 நாணயம், ரூ. 2,400. ஆனால் 1992 முதல் வந்த பழைய எவர்சில்வர் ஒரு ரூபாயும் அதே 4.85 கிராம்தான்; அகலமும் இரண்டுக்கும் 25 மில்லிமீட்டர். பையில் 300 ஒரு ரூபாய் கலந்திருந்தால் தராசு காட்டிக்கொடுக்காது. வங்கியில் பிரித்து எண்ணியபோது 900 இரண்டு ரூபாய், 300 ஒரு ரூபாய், ஆக ரூ. 2,100. ஒரு ரூபாயிலேயே புதியது 3.79 கிராம், பழையது 4.85 கிராம். இரண்டையும் கலந்து நிறுத்தாலும் கணக்கு தவறும். நிறுத்து எண்ணலாம், ஆனால் முகம் பார்த்துப் பிரித்த பிறகு.

இந்த ரூ. 300-ஐப் பொருளாளர் தன் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவதும், அர்ச்சனைச் சீட்டுக் காசிலிருந்து ஈடுசெய்வதும் தப்பு. அப்படிச் செய்தால் எல்லா ஏடும் பொருந்தும், எதுவும் உண்மையாக இராது. வங்கி கொடுத்த பிரிப்புச் சீட்டை இணைத்து, வேறுபாட்டுக் குறிப்பு எழுதி, அடுத்த அறங்காவலர் கூட்டத்தில் பதிய வேண்டும். தணிக்கையாளர் அதை ஏற்பார். அவர் விடாமல் பிடிப்பது அந்தப் பதினோரு நாளைத்தான்: ஊர்க் கடைக்காரர் நோட்டுக் கொடுத்து மூட்டையில் மாற்றிக்கொண்டாரா, எவ்வளவு, யார் முன்னிலையில்? சில்லறை வேண்டாம் என்று வங்கி திருப்பி அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வகை பிரித்து, நூறு நூறாகப் பையிலிட்டு, நோட்டோடு ஒரே வண்டியில் கொண்டுபோனால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

இன்னொரு பழக்கம் எண்ணியவர்களுக்குக் கூலி, டீ, வண்டி வாடகை மூன்றையும் அங்கேயே உண்டியல் காசில் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுவது. தொகை சின்னதாக இருக்கலாம். ஆனால் ஒருமுறை கழித்தால், பட்டியலும் செலானும் பொருந்தாமல் போவதற்கு ஒரு சாக்கு நிரந்தரமாகக் கிடைத்துவிடுகிறது. கூலியைச் சில்லறைச் செலவு முன்பணத்திலிருந்து கொடுத்து, பெற்றவர் கையெழுத்துடன் வவுச்சர் வையுங்கள். அன்னதான உண்டியல், திருப்பணி உண்டியல் தனியே இருந்தால் பட்டியலும் தனி, செலானும் தனி. பொன், வெள்ளி கிடைத்தால் பலமாற்றுப் பொன் இனங்கள் பதிவேட்டில் எடையோடு ஏற வேண்டும். இன்னும் உண்டியலில் விழும் 2,000 ரூபாய் நோட்டை வங்கிக் கிளையில் கட்ட முடியாது. சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு நேரிலோ அஞ்சல் மூலமோ அனுப்ப வேண்டும். அதுவரை பட்டியலில் தனி வரி.

ரசீதில் பார்க்க வேண்டியது குறைவு. எந்தெந்த எண் புத்தகம் யாரிடம் போனது என்று இருப்புப் பதிவேடு இருக்க வேண்டும். ரத்தான ரசீதின் இரண்டு நகலும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். பக்தர் நகல் இல்லாத ‘ரத்து’ ரத்து அல்ல. திருவிழா வசூலுக்கு வீடு வீடாகக் கொண்டுபோன புத்தகம் திரும்பி வராமல் இருப்பதுதான் மலையூர்களில் அடிக்கடி நடப்பது. பாதி எழுதிய புத்தகத்தையும் திருவிழா முடிந்ததும் வாங்கி, மீதித் தாள்களில் கோடிட்டு மூடிவிடுங்கள்.

செலவில் மூன்று ஒப்புதல் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும்: வரவு செலவுத் திட்டத்தில் இடம், கூட்டத் தீர்மானம், பிறகு காசோலை. தீர்மானத் தேதி பில் தேதிக்குப் பிந்தியிருந்தால் தணிக்கைத் தடை எழும். ரூ. 5,000-க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் வில்லை வேண்டும். தடைக்கு உரிய பதில் தராமல் விட்டால், சட்டத்துக்குப் புறம்பான செலவுக்கோ பெரும் அலட்சியத்தால் வந்த இழப்புக்கோ பொறுப்பானவரிடமிருந்தே வசூலிக்கத் தண்டத்தீர்வை விதிக்கப்படலாம்.

கோயில் கணக்காண்டு பசலி. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. வருமான வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச். ஜூன் கடைசியில் உண்டியல் திறந்து ஜூலையில் வங்கியில் கட்டினால், வரவு பழைய பசலிக்கு உரியது, திறந்த தேதியில். வங்கிக்குப் போகாத தொகையை ஜூன் 30 கையிருப்பில் காட்டி, வங்கி ஒப்புநோக்குப் பட்டியலில் எண்ணிக்கைப் பட்டியலின் தேதியையும் செலான் எண்ணையும் எழுதிவையுங்கள்.