நைட்ரைட்டு: வெடியுப்பின் பிள்ளை, வெடியுப்பு அல்ல

ஹாம் என்பது பன்றியின் பின்னந்தொடையை உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி. கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் ஹாமில் நைட்ரைட்டு இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இருக்கிறது என்பதுதான் பதில். ஐரோப்பியப் பாக்கெட்டுகளில் அது E250 என்ற எண்ணாக இருக்கும். சோடியம் நைட்ரைட்டுக்கு அங்கே கொடுத்திருக்கும் எண் அது. E249 என்றிருந்தால் பொட்டாசியம் நைட்ரைட்டு.

தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் சிலர் நைட்ரைட்டை "வெடியுப்பு" என்று பெயர்த்துவிடுகிறார்கள். நல்ல பழைய சொல்தான். வெடிமருந்தில் சேரும் உப்பு என்பதால் வந்த பெயர். சித்த மருத்துவத்திலும் அது புழங்குகிறது. ஆனால் வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்டு. நைட்ரேட்டு வேறு, நைட்ரைட்டு வேறு. இந்த ஓரெழுத்து வேறுபாட்டுக்குள் ஹாமின் வரலாறே இருக்கிறது.

வேரிலிருந்து போவோம். பண்டைய எகிப்தில் உடல்களைப் பதப்படுத்தப் பயன்பட்ட ஒருவகைச் சோடா உப்பு இருந்தது. வற்றிய ஏரிப் படுகைகளில் கிடைத்தது. அதன் எகிப்தியப் பெயர்தான் கிரேக்கத்தில் "நிட்ரோன்" என்றும், லத்தீனில் "நிட்ரும்" என்றும் ஆனது. இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பெயர் மெல்ல இடம் மாறி வெடியுப்பின் மேல் போய் உட்கார்ந்தது. 1787-ல் லவாய்சியே, கீட்டோன் தெ மோர்வோ முதலிய பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெயரிடும் முறையைச் சீரமைத்தபோது, ஆக்சிஜன் கூடுதலாக உள்ள உப்புக்கு ஆங்கிலத்தில் "ஏட்" என்றும் குறைவாக உள்ளதற்கு "ஐட்" என்றும் ஒலிக்கும் ஈறுகளை வைத்தார்கள். அதன்படி NO₃⁻ நைட்ரேட்டு, NO₂⁻ நைட்ரைட்டு. ஓர் ஆக்சிஜன் அணு குறைவு, அவ்வளவுதான்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. "நைட்ரைட்" என்று மெய்யில் முடித்தால் அதை நைட்ரைடு என்றும் படித்துவிடலாம். நைட்ரைடு என்பது ஆக்சிஜனே இல்லாத, முற்றிலும் வேறான சேர்மம். இலங்கைப் பாடநூல்கள் இதை அழகாகத் தீர்த்திருக்கின்றன. அங்கே ஆக்சைடு "ஒட்சைட்டு", நைட்ரேட்டு "நைத்திரேற்று", நைட்ரைட்டு "நைத்திரைற்று". எந்த ஒலிக்கு ட்டு, எந்த ஒலிக்கு ற்று என்று தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். தமிழ்நாட்டு வழக்கில் "ஆக்சைடு" போன்றவற்றுக்கு "டு", இதற்கு "ட்டு" என்று கறாராக எழுதினால் குழப்பம் வராது. தூய தமிழ்ச் சொல் ஒன்றை ஒட்டவைப்பதைவிட "நைட்ரைட்டு" என்று எழுதுவதே சரி என்பது என் கருத்து. வெடியுப்பை நைட்ரேட்டுக்கே விட்டுவிடுவோம்.

சரி, வெடியுப்புக்கும் ஹாமுக்கும் என்ன உறவு? ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாக இறைச்சிக்கு உப்போடு வெடியுப்பையும் தேய்த்துவந்தார்கள். இறைச்சி சிவப்பாக இருந்தது, கெடாமலும் இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் விடை கிடைத்தது. உப்புநீரில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கி அதை நைட்ரைட்டாக்குகின்றன. வேலை செய்வது இந்த நைட்ரைட்டுதான். 1901-ல் ஸ்காட்லாந்து உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் நிறத்தின் கதையையும் விளக்கினார். நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு இறைச்சியின் சிவப்பு நிறமியோடு பிணைந்துகொள்கிறது. வேகவைத்தாலும் அந்தப் பிணைப்பு போவதில்லை. அதனால்தான் வெந்த பன்றி இறைச்சி சாம்பல் பழுப்பாக இருக்க, வெந்த ஹாம் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. பாக்டீரியா எவ்வளவு மாற்றும் என்று காத்திருக்காமல் நைட்ரைட்டையே அளந்து நேராகச் சேர்க்க 1925-ல் அமெரிக்கா அனுமதித்தது.

ஆனால் நிறம் மட்டும் காரணமல்ல. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில் ஒரு சாவு வீட்டில் வாசித்த இசைக்குழுவினர் சமைக்காத உப்பிட்ட ஹாமைச் சாப்பிட்டார்கள். பார்வை மங்கியது, விழுங்க முடியவில்லை, பேச்சு வரவில்லை. மூவர் இறந்தார்கள். மீந்த ஹாமிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் எமில் வான் எர்மெங்கெம் என்ற பெல்ஜிய நுண்ணுயிரியலாளர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று சொல்வது அதைத்தான். லத்தீனில் "பொட்டுலுஸ்" என்றால் தொத்திறைச்சி. இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு முதலில் அறியப்பட்டதே தொத்திறைச்சியால்தான்.

இந்தக் கிருமியின் வித்து சாதாரண வேகவைப்பில் சாவதில்லை. காற்று இல்லாத இடம்தான் அதற்குப் பிடித்தமானது. ஹாமின் உட்பகுதியும் காற்றை உறிஞ்சி எடுத்த பாக்கெட்டும் அதற்குத் தோதான இடங்கள். இறைச்சி கெட்டிருப்பது மணத்திலோ நிறத்திலோ தெரியும் என்று நம்பியிருக்கவும் முடியாது. நைட்ரைட்டு, உப்போடும் குளிரோடும் சேர்ந்து, அந்த வித்து முளைத்து வளர்வதைத் தடுக்கிறது. கொழுப்பு காறிப்போகாமல் பார்ப்பதும் அதன் வேலைதான்.

தேவைப்படும் அளவு மிகச் சிறியது. இறைச்சியைப் பதப்படுத்த அமெரிக்காவில் விற்கும் பதனுப்பு 100 கிராமில் 6.25 கிராம்தான் நைட்ரைட்டு, மீதி சாதாரண உப்பு. ஒரு கிலோ இறைச்சிக்கு இந்தப் பதனுப்பு 2.5 கிராம் போட்டால் சுமார் 156 மில்லிகிராம் நைட்ரைட்டு சேர்கிறது. அதில் பெரும்பகுதி வேதிவினைகளில் தீர்ந்துபோய், உண்ணும்போது சிறு பங்குதான் மிஞ்சியிருக்கும். அளவு மீறினால் நைட்ரைட்டு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலையே கெடுத்துவிடும். மேசை உப்பு என்று யாரும் தவறாக எடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே பதனுப்புக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். அந்தச் சாயத்துக்கும் ஹாமின் நிறத்துக்கும் தொடர்பில்லை.

அச்சப்பட வேண்டிய இடமும் உண்டு. நைட்ரைட்டு புரதச் சிதைவில் வரும் அமீன்களோடு வினைபுரிந்தால் நைட்ரோசமீன்கள் உண்டாகும். அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்குபவை. உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டுகளான பேக்கனை அதிகச் சூட்டில் முறுகலாக வறுக்கும்போது இது கூடுதலாக நடக்கிறது. வைட்டமின் சி வகை உப்புகளை உடன்சேர்ப்பது இதைக் குறைக்கத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்ததற்கு இது ஒரு பின்னணி.

நைட்ரைட்டு இல்லாத ஹாம் உண்டா? உண்டு. இத்தாலியின் பார்மா ஹாமில் பன்றித் தொடையும் கடலுப்பும் மட்டும்தான். முழுத் தொடையாக, வெட்டுக்காயம் இல்லாமல், குளிரில் உப்பிட்டு, ஓராண்டுக்கு மேல் உலரவைக்கிறார்கள். கிருமி வளர்வதற்கு வேண்டிய ஈரம் உள்ளே மிஞ்சாது என்பதால் அது பாதுகாப்பாக இருக்கிறது. நம் ஊர் உப்புக்கண்டத்தைக் காப்பாற்றுவதும் இந்த உலர்வுதான். பார்மா ஹாமின் சிவப்புக்கும் நைட்ரைட்டு காரணமில்லை. மாதக்கணக்கில் நிறமியில் உள்ள இரும்பின் இடத்தைத் துத்தநாகம் பிடிப்பதால் வரும் நிறம் அது. சில வாரங்களில் முடிந்து ஈரம் நிறைந்திருக்கும் வெந்த ஹாமுக்கு இந்த வழி உதவாது.

"நைட்ரைட்டு சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய வெந்த ஹாம் பாக்கெட்டைப் பார்த்தால், உட்பொருள் பட்டியலில் செலரிப் பொடி இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். செலரித் தண்டில் நைட்ரேட்டு இயற்கையாகவே நிறைய உண்டு. அதைப் பாக்டீரியா கொண்டு நைட்ரைட்டாக மாற்றித்தான் சேர்க்கிறார்கள். இறைச்சிக்குள் போனபின் அதுவும் அதே NO₂⁻.