பக்கம் திறக்கிறது, பதிவேற்றம் மட்டும் நிற்கிறது: எம்.டி.யூ. முரண்பாட்டைக் கண்டறியும் முறை

தளம் உடனே திறக்கிறது, உள்நுழைவும் நடக்கிறது, ஆனால் நான்கைந்து எம்.பி. கோப்பை ஏற்றினால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது என்று புகார் வந்தால், பலருக்கும் முதல் சந்தேகம் சர்வரின் கோப்பளவு வரம்பின் மீது எழும். வரம்புதான் காரணம் என்றால் வழக்கமாக 413 என்ற பிழை வந்துவிடும். எந்தப் பிழையும் காட்டாமல் நெடுநேரம் காத்திருந்து இணைப்பு அறுந்தால், வழியிலுள்ள பாக்கெட் அளவைச் சோதிப்பதே நல்லது.

நான் ஆராய்ந்த ஓர் அமைப்பில், கிளை அலுவலகக் கணினிகளுக்கும் தலைமையகச் சர்வருக்கும் இடையே வயர்கார்டு டன்னல் ஒன்று இருந்தது. ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைக் குறிக்கும் எம்.டி.யூ., கணினிகளில் 1500 பைட், டன்னலில் 1420 பைட். இந்த வேறுபாடு மட்டுமே கோளாறு ஆகாது. கணினி அனுப்பும் டி.சி.பி. பாக்கெட்டில் ‘துண்டாக்காதே’ என்னும் டி.எஃப். குறி இருப்பதால், 1500 பைட் பாக்கெட்டைப் பெறும் டன்னல் ரவுட்டர் அதைக் கைவிட்டு, ‘1420-க்குள் அனுப்பு’ என்று ஐ.சி.எம்.பி. வகை 3, குறியீடு 4 செய்தியைத் திருப்பி அனுப்பும். கணினியும் அளவைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் இங்கே கணினிகளுக்கும் ரவுட்டருக்கும் நடுவிலிருந்த ஃபயர்வால், ஐ.சி.எம்.பி.யில் பிங் கேள்வி பதிலை மட்டும் அனுமதித்து, மற்ற அனைத்தையும் தடுத்திருந்தது. பாதுகாப்பு என்று நினைத்து எழுதப்படும் இந்த விதியை இன்றும் பல இடங்களில் காண முடிகிறது. பதிவிறக்கம் தடையின்றி நடந்ததற்கும் காரணம் இதுவே: தலைமையகப் பக்கத்தில் அத்தகைய தடுப்பு இல்லாததால், சர்வருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

கணினியிலிருந்து எடுத்த பாக்கெட் பதிவில் இது தெளிவாகத் தெரிந்தது. இணைப்பு ஏற்பட்டது, சில நூறு பைட் கொண்ட கோரிக்கைத் தலைப்பு சென்றது, அதற்கு ஏற்பும் வந்தது. அதன்பின் 1448 பைட் தரவு கொண்ட ஒரே பகுதி, அதே வரிசை எண்ணோடு, இடைவெளி ஏறத்தாழ இரட்டித்துக்கொண்டே மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டது. சர்வர் பக்கப் பதிவிலோ அந்தப் பகுதி ஒருமுறைகூட வந்து சேரவில்லை. சாதாரணப் பாக்கெட் இழப்பு என்றால் சிறியதும் பெரியதும் கலந்தே தொலையும். பெரியவை மட்டும், ஒவ்வொரு முறையும் தொலைவது அளவுக் கோளாற்றின் அடையாளம்.

உறுதி செய்ய, லினக்ஸ் கணினியிலிருந்து சர்வர் முகவரிக்கு இவ்வாறு பிங் அனுப்பலாம்:

```
ping -M do -s 1392 10.20.0.5
ping -M do -s 1393 10.20.0.5
```

தலைப்புகளுக்கு 28 பைட் சேர்வதால் முதலாவது சரியாக 1420 ஆகிறது. அதற்குப் பதில் வந்தது. இரண்டாவதற்கு எதுவும் வரவில்லை. ஃபயர்வால் ஒழுங்காக இருந்திருந்தால் `Frag needed and DF set (mtu = 1420)` என்ற வரி திரையில் தெரிந்திருக்க வேண்டும். அந்த வரி வராததே தடுப்பு எங்கோ இருப்பதற்கான சான்று.

முதல் திருத்தம், ஃபயர்வாலில் அந்த ஐ.சி.எம்.பி. செய்தியை அனுமதிப்பது. இரண்டாவது, வேறு எங்காவது அது தடுக்கப்பட்டாலும் பாதிக்காதவாறு, டன்னல் ரவுட்டரில் எம்.எஸ்.எஸ். அளவைக் குறைப்பது:

```
iptables -t mangle -A FORWARD -p tcp --tcp-flags SYN,RST SYN -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

டன்னல் வழியே வெளியே போகும் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று பொருள்படும் `-o wg0`-வை இந்த விதியில் சேர்ப்பவர்கள் உண்டு. பதிவேற்றம் நிற்கும்போது அது பலன் தராது. எம்.எஸ்.எஸ். என்பது ‘எனக்கு இவ்வளவுக்குள் அனுப்பு’ என்று எதிர்முனைக்குச் சொல்லும் அளவு. ஆகவே கணினி அனுப்பும் பாக்கெட்டைச் சிறிதாக்க வேண்டுமானால், இணைப்பு தொடங்கும்போது சர்வரிடமிருந்து பதிலாக வரும் சின்-ஆக் பாக்கெட்டில்தான் அந்த எண் மாற வேண்டும். அது கிளை ரவுட்டரில் டன்னல் வழியே உள்ளே வருவது, வெளியே போவதன்று. `-o wg0` சேர்த்தால் கணினியின் சின் மட்டுமே திருத்தப்பட்டு, ஏற்கெனவே நன்றாக நடக்கும் பதிவிறக்கமே மேலும் பத்திரமாகும். விதி சரியாக அமைந்தால், கணினியில் எடுக்கும் பதிவில், வந்து சேரும் சின்-ஆக் `mss 1380` என்று காட்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளில் இந்த மாற்றம் தெரியாது. புதிய இணைப்பில்தான் சோதிக்க வேண்டும்.

டி.எஃப். குறியை நீக்கி, ரவுட்டரே துண்டாக்கிக்கொள்ளட்டும் என்று விடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் துண்டில் மட்டுமே போர்ட் எண் இருப்பதால், மற்றத் துண்டுகளைக் கைவிடும் ஃபயர்வால்கள் உள்ளன; ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பாக்கெட்டையும் மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கும். ஐ.பி.வி.6-இல் ரவுட்டர் துண்டாக்குவதே இல்லை என்பதால், அங்கே ஐ.சி.எம்.பி.வி.6 வகை 2 செய்தியை அனுமதிப்பது கட்டாயம். எம்.எஸ்.எஸ். திருத்தமும் டி.சி.பி.க்கு மட்டுமே உதவும், யு.டி.பி. மீது இயங்கும் பயன்பாடுகள் தாங்களே அளவைக் கண்டறியாவிட்டால், அவற்றுக்கு அந்த ஐ.சி.எம்.பி. செய்தியைத் திறந்துவிடுவதும், அதோடு பயன்பாட்டிலேயே பாக்கெட் அளவைக் குறைத்து அமைப்பதும்தான் வழி.