சிலுவைப் போர்: இந்தச் சொல் எங்கிருந்து வந்துச்சு, சரியான தமிழ் எது

குருசேடுன்னா தமிழ்ல சிலுவைப் போர், சிலர் சிலுவை யுத்தம்னு எழுதுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அந்தப் போருக்குப் போனவங்களே அதை அப்படிக் கூப்பிடல. 1096ல ஐரோப்பாவுல இருந்து எருசலேமுக்குக் கிளம்பினவங்க லத்தீன்ல "பயணம்"னாங்க, "யாத்திரை"ன்னாங்க. துணியில சிலுவை வெட்டி தோள்பட்டையில தைச்சுக்குவாங்க, அதனால 12ஆம் நூற்றாண்டு முடியுற சமயத்துல போறவங்களுக்கு "சிலுவைக் குறி போட்டவர்"னு ஒரு பேர் நிலைச்சுது. லத்தீன்ல சிலுவைக்கு க்ரூக்ஸ், அதுல இருந்து பிரெஞ்சுல க்ருவாஸாத், அப்புறம் இங்கிலீஷ்ல குருசேட். ஆக போருக்கு இந்தப் பேர் நிலைச்சது ரொம்ப காலம் கழிச்சுதான்.

யாத்திரைன்னு சொன்னதுலயே காரணமும் இருக்கு. 1071ல மான்சிகெர்ட்ல முஸ்லிம்களான செல்ஜுக் துருக்கியர்கிட்ட, கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகரா வச்சிருந்த கிறிஸ்தவப் பைசாந்தியப் பேரரசோட படை தோத்துப்போச்சு, அதுக்கப்புறம் சின்ன ஆசியா, அதாவது இன்னைய துருக்கி, கொஞ்சம் கொஞ்சமா கைவிட்டுப் போக, பேரரசர் அலெக்ஸியோஸ் மேற்குப் பக்கம் உதவி கேட்டார். அவர் எதிர்பார்த்தது கூலிப்படை மாதிரி கொஞ்சம் வீரர்கள். போப் இரண்டாம் அர்பன் 1095 நவம்பர்ல பிரான்ஸ்ல கிளெர்மோன்ல பேசினப்ப அதை முஸ்லிம்கள் கையில இருந்த எருசலேமை மீட்குற யாத்திரையா மாத்திட்டார், பக்தியோட போறவங்களுக்கு அந்தப் பயணமே பாவத்துக்கான முழுப் பரிகாரம்னும் சொன்னாங்க. நிலம் புடிக்கத்தான் போனாங்கன்னு சிலர் ஒரே வரியில முடிச்சிடுறாங்க, எனக்கு அது பத்தல. நிறைய பேர் இருந்த நிலத்தை அடகு வச்சு, வித்துதான் வழிச்செலவுக்குப் பணம் புரட்டினாங்க. பாவத்தைப் பத்தின பயம் அந்த ஆளுங்களுக்கு நிஜமான பயம்.

ஆனா முதல்ல ரத்தம் சிந்தினது எருசலேம்ல இல்ல, ஜெர்மனியில. 1096 மே மாசம் ரைன் நதிக்கரையில வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்கள்ல இருந்த யூதர்களை, சிலுவை தைச்சுக்கிட்டுக் கிளம்பின கூட்டங்கள் "மதம் மாறு, இல்லன்னா சாவு"ன்னு கொன்னாங்க. மைன்ஸ்ல ஆர்ச்பிஷப் மாளிகைக்குள்ள ஒளிஞ்சவங்கள்ல சிலர் புள்ளைங்களைத் தாங்களே கொன்னுட்டு செத்துப்போனாங்கன்னு எபிரேயக் குறிப்புகள் சொல்லுது. யூதர்கள் இதை அவங்க ஆண்டுக்கணக்குல 4856இன் கொடுமைகள்னு சொல்றாங்க, இன்னைக்கும் இறந்தவங்களை நினைச்சு ஜெபம் பண்றாங்க.

1099ல எருசலேமைப் புடிச்சப்பவும் பெரிய படுகொலை. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 200 வருஷம், 1291ல அக்கோங்கிற துறைமுக நகரம் விழுற வரைக்கும், அந்தக் கடற்கரையில ஃப்ராங்குகள், அதாவது மேற்கு ஐரோப்பாவுல இருந்து வந்தவங்க, ஆட்சி இருந்துச்சு. தினமுமா சண்டை நடந்துச்சு? இல்ல. ஸ்பெயின்ல இருந்து ஹஜ் போன இப்னு ஜுபைர்ங்கிற முஸ்லிம் 1184ல இன்னைய லெபனான்ல இருக்குற திப்னீன் பக்கம் போறார், அங்க ஃப்ராங்குகளுக்குக் கீழ இருக்குற முஸ்லிம் விவசாயிகளைப் பாத்து எழுதுறார்: அறுவடையில பாதி எஜமானுக்கு, தலைக்கு ஒரு தீனார் அஞ்சு கீராத் வரி, மரத்துப் பழங்களுக்குக் கொஞ்சம், மத்தபடி வீடு வாசல் அவங்க கையிலயேதான். முஸ்லிம் ஜமீன்தாருக்குக் கீழ இருக்குறவங்க இதைவிட மோசமா இருக்காங்களேன்னு அவர் மனசு நொந்துபோறார். எல்லா ஊரும் இப்படி இல்ல, நாப்லஸ் பக்கம் 1150கள்ல ஒரு ஃப்ராங்கு பிரபுவோட கெடுபிடி தாங்காம கிராமத்து ஆளுங்க டமாஸ்கஸுக்கு ஓடினாங்க. குடியானவனுக்கு எந்த எஜமான் வாய்ச்சான்ங்கிறதுதான் வாழ்க்கையே.

அந்தக் காலத்து அரபுக்காரங்களும் "சிலுவைப் போர்"னு சொல்லல, வந்தவங்களை "இஃப்ரஞ்ச்"னாங்க, அதாவது ஃப்ராங்குகள். அந்தச் சொல்தான் பாரசீகம் வழியா நம்மகிட்ட "பரங்கி" ஆச்சு, பரங்கிமலை, பரங்கிக்காய் எல்லாம் அந்தப் பரங்கிதான். "ஹுரூப் ஸலீபிய்யா", சிலுவைப் போர்கள்ங்கிற பேர் அரபியில பரவினது 19ஆம் நூற்றாண்டுல, ஐரோப்பியப் புத்தகங்கள் மூலமா, காலனி ஆட்சி நடந்துட்டு இருந்த நேரத்துல. அதனாலதான் 2001ல அமெரிக்க அதிபரா இருந்த புஷ் "குருசேட்"னு ஒரு வார்த்தை விட்டதும் அரபு நாடுகள்ல அவ்வளவு கோபம். கிரேக்கர்களுக்கோ வலிக்கிறது 1204, அந்த வருஷம் சிலுவை தைச்சுக்கிட்டு வந்தவங்க கொள்ளையடிச்சது கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளை. 2001ல போப் இரண்டாம் ஜான் பால் ஏதென்ஸ் போனப்ப அதைச் சொல்லி வருத்தப்பட்டார்.

இப்ப நம்ம சொல். "சிலுவை" சிரியாக் மொழியோட ஸ்லீவால இருந்து வந்தது, கேரளத்து சிரியன் கிறிஸ்தவங்க இன்னும் ஸ்லீவான்னுதான் சொல்வாங்க, அரபு "ஸலீப்" அதோட கூடப்பிறந்தது. போர்த்துகீசியர் க்ரூஸ்ல இருந்து வந்த "குருசு" வேற. ஆக சிலுவைப் போர்னு சொல்றப்ப நாம ஐரோப்பாக்காரன் சொல்லோட பொருளை அந்த மண்ணோட சொல்லுல சொல்றோம். வரலாற்றைக் குறிக்க அதுவே போதும், மாத்த வேண்டாம். "ஊழலுக்கு எதிரான குருசேட்"னு வந்தா மட்டும் சிலுவைப் போர்னு போடாதீங்க, அங்க "இயக்கம்", இல்லன்னா "போராட்டம்"னு எழுதுங்க.