உட்கூட்டில் ஓர் எலக்ட்ரான் குறைந்தால்: அயோடின்-125 தரும் கதிர்வீச்சு அளவு

அயோடின்-125 சிதையும்போது அதன் அணுக்கரு, பெரும்பாலும் தனக்கு மிக அருகிலுள்ள கே கூட்டிலிருந்து, ஓர் எலக்ட்ரானைக் கவர்ந்துகொண்டு டெலூரியம்-125 ஆக மாறுகிறது. அங்கே உண்டாகும் வெற்றிடத்தை மேல்கூட்டு எலக்ட்ரான் ஒன்று வந்து நிரப்பும்போது மிஞ்சும் ஆற்றலுக்கு இரண்டு வழிகள் உண்டு. அது சிறப்பியல்பு எக்ஸ் கதிராக வெளியேறலாம். அல்லது அதே அணுவின் இன்னோர் எலக்ட்ரானுக்குக் கைமாறி அதை வெளியே தள்ளலாம். லீசா மைட்னர் 1922-லும் பியேர் ஓஷே 1923-லும் தனித்தனியே விளக்கிய இந்த இரண்டாம் வகையே இன்று ஓஷே எலக்ட்ரான் எனப்படுகிறது.

கே கூட்டு வெற்றிடத்தில் எக்ஸ் கதிர் வெளிவரும் வாய்ப்பைத் தோராயமாக Z⁴/(Z⁴+10⁶) என்று கணக்கிடலாம்; Z என்பது அணு எண். ஆக்சிஜனில் இது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. அணு எண் 52 கொண்ட டெலூரியத்தில் ஏறத்தாழ 88 விழுக்காடு. அப்படியானால் இங்கே எலக்ட்ரான்களைப் புறக்கணித்துவிடலாமே என்று தோன்றும். அது சரியல்ல. எக்ஸ் கதிர் வெற்றிடத்தை அழிப்பதில்லை, எல் கூட்டுக்கோ அதற்கும் மேலேயோ நகர்த்துகிறது. டெலூரியத்தின் எல் கூட்டு வெற்றிடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை எலக்ட்ரானைத் தள்ளியே நிரம்புகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு வெற்றிடத்துக்குப் பதிலாக இரண்டு உண்டாவதால் அடுக்கடுக்காக எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. போதாததற்கு, கிளர்வுற்ற டெலூரியக் கரு தனது 35.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலையும் பெரும்பாலும் ஓர் எலக்ட்ரானுக்கே கொடுத்து மீண்டும் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. இப்படி ஒரு சிதைவுக்குச் சராசரியாக இருபது எலக்ட்ரான்கள்வரை வெளிப்படுகின்றன.

இவற்றுள் பல, சில நூறு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றலுடையவை. திசுவில் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டருக்குள் நின்றுவிடும். அதே அணுவின் 27 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரோ சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் அளவு கடந்த பிறகே திசுவுடன் வினைபுரிகிறது. 5 நானோமீட்டர் ஆரமுள்ள நீர்க்கோளத்துக்குள் 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் படிவதாகக் கொண்டால், உட்கவர் அளவு சுமார் 3 லட்சம் கிரே. அதே ஆற்றலை 4 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள செல் உட்கரு முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டால் ஏறத்தாழ 0.6 மில்லிகிரேதான் வரும். இரண்டும் சரியான கணக்குகளே. எது பயன்படும் என்பதை அயோடின் இருக்கும் இடமே முடிவு செய்கிறது.

தைமிடினின் மெத்தில் தொகுதி இருக்கும் இடத்தில் அயோடின் அணுவைக் கொண்ட அயோடோடிஆக்சியூரிடினை, பெருகும் செல்கள் தங்கள் டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே நிகழும் ஒரு சிதைவு ஏறத்தாழ ஓர் இரட்டை இழை முறிவை உண்டாக்குகிறது. செல்லுக்கு வெளியே நிகழும் சிதைவின் குறை ஆற்றல் எலக்ட்ரான்கள் உட்கருவை எட்டுவதே இல்லை. புற்றுக்கட்டிக்குள் பதிக்கும் அயோடின்-125 விதைகளிலும் இந்த எலக்ட்ரான்களை டைட்டானியம் உறையே நிறுத்திவிடுவதால், திசுவைச் சேர்வது ஃபோட்டான்கள் மட்டுமே.

இந்த வேறுபாட்டைச் செல்கள் பிழைக்கும் விகிதத்தின் வரைகோட்டில் காணலாம். சாதாரண எக்ஸ் கதிரில், செல்கள் சேதத்தைச் சரிசெய்வதால் அக்கோடு தொடக்கத்தில் மெதுவாக வளைந்து பிறகே சரிகிறது. அயோடின்-125 டி.என்.ஏ.வில் இருக்கும்போது அந்த வளைவே இல்லாமல், ஆல்ஃபா துகள்களுக்குப் போலவே, முதலிலிருந்தே நேராக இறங்குகிறது. ஆகவே உட்கருவின் சராசரி அளவை மட்டும் கொண்டு விளைவை மதிப்பிடுவோர் அதைக் குறைவாகவே காண்பார்கள்.