எக்செல் பக்கத்தை எங்கே வெட்டுகிறது?

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் பராமரிப்புக் கணக்கை அச்சிட்ட வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எட்டாவது பத்தி மட்டும் தனித்தாளில் வருகிறது. இரண்டாம் பக்கத்தில் தலைப்பே இல்லை. எந்த எண் எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. என்ன செய்வது?"

அவருடைய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று வரிசைகள் தலைப்பு. அப்புறம் ஏ, பி, சி என மூன்று பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் 52 வீடுகள், கீழே ஒரு கூட்டுத்தொகை வரிசை. கடைசியில் மொத்தம். ஆக 163 வரிசைகள், 8 பத்திகள். A1 முதல் H163 வரை தேர்ந்தெடுத்து `Page Layout` தாவலில் `Print Area`, `Set Print Area` கொடுத்தால் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள் அச்சுக்கு வராது. இதுவரை எளிது.

பக்கம் எங்கே வெட்டப்படுகிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். எக்செல் வரிசைகளை எண்ணுவதில்லை, அவற்றின் உயரத்தைக் கூட்டுகிறது. ஏ4 தாளின் உயரம் 11.69 அங்குலம். வழக்கமான ஓரமாக மேலும் கீழும் முக்கால் அங்குலம் போனால் மிச்சம் 10.19. அங்குலத்துக்கு 72 புள்ளி என்றால் சுமார் 734 புள்ளி. சாதாரண வரிசை 15 புள்ளி உயரம், ஆகவே ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 48 வரிசை. அடுத்த வரிசை முழுதாக இடம் பிடிக்காவிட்டால் அது அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஏ பிளாக்கின் கடைசி வீடுகள் இரண்டாம் பக்கத்தில் விழுந்தது இதனால்தான்.

தலைப்பைத் திரும்ப வரவைக்க `Print Titles` அழுத்தி, `Rows to repeat at top` பெட்டியில் `$1:$3` என்று கொடுக்க வேண்டும். அச்சு முன்னோட்டத்தின் வழியாக இந்த உரையாடலுக்குள் போனால் பெட்டி மங்கலாகி வேலை செய்யாது, `Page Layout` வழியாகத்தான் போக வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று உண்டு: திரும்ப வரும் தலைப்பும் இடம் எடுக்கும். இரண்டாம் பக்கம் முதல் 48-இல் மூன்று தலைப்புக்குப் போய், 45 வரிசைகளே தரவுக்கு மிஞ்சும்.

சரி, பிளாக்குக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றால்? தலைப்போடு சேர்த்து 56 வரிசை தேவை. `Scale` அளவை 80% ஆக்கினால் அதே 734 புள்ளியில் 917 புள்ளி அளவுக்கான வரிசைகள் அடங்கும், அதாவது 61 வரிசை. அகலமும் அதே விகிதத்தில் தாராளமாகும். எட்டாவது பத்தியும் இதில் உள்ளே வந்துவிட்டது. 11 புள்ளி எழுத்து 8.8 ஆகும், படிக்கலாம். 70 சதவீதத்துக்குக் கீழே நான் போகமாட்டேன். வயதானவர்கள் கண்ணாடியைத் தேடும் தாளைக் கூட்டத்தில் கொடுப்பது கணக்கை மறைப்பதற்குச் சமம். அதைவிடத் தாளைக் கிடைமட்டமாக்குங்கள்.

இனி 57-ஆம் வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து `Breaks`, `Insert Page Break` கொடுங்கள். முறிவு அந்த வரிசைக்கு மேலே விழும். 110-க்கும் அப்படியே. வரிசைக்குப் பதிலாக நடுவில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இடப்பக்கமும் ஒரு முறிவு விழுந்து பத்திகள் பிரியும். `Page Break Preview` பார்வையில் இது உடனே தெரியும்: நீங்கள் வைத்தது முழுக்கோடு, எக்செல் தானாக வைத்தது விட்டுவிட்டு வரும் கோடு. `Fit To` தேர்வை மட்டும் தவிருங்கள். அதைப் பயன்படுத்தினால் கையால் வைத்த முறிவுகளைக் கண்டுகொள்ளாது என்று மைக்ரோசாஃப்ட் உதவிக்குறிப்பே சொல்கிறது.

வீட்டில் சரியாக வந்தது ஜெராக்ஸ் கடையில் குலைந்தால், "அந்த மெஷினுக்கு ராசியில்லை" என்பார்கள். இந்த ராசிப் பேச்சு எனக்கு எரிச்சல் தரும், காரணம் கண்ணெதிரே இருக்கிறது. அச்சுப்பொறியின் டிரைவர் மாறினால் எழுத்தகலமும் வரிசைக் கணக்கும் சற்று மாறும். தாள் அளவு லெட்டர் என்றிருந்தால் உயரம் 11 அங்குலம்தான், 80 சதவீதத்தில் 57 வரிசை. நம் மூன்றாம் பக்கத்துக்குத் தலைப்போடு சரியாக 57 வேண்டும். ஒரு வரிசை கொஞ்சம் உயரமானாலும் மொத்தத் தொகை மட்டும் நான்காம் தாளில் தனியாக நிற்கும். அதனால் வீட்டிலேயே ஏ4 என்று பார்த்து பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள்.

அடுத்த ஆண்டு புது வீடு சேர்ந்தால், மொத்த வரிசைக்குக் கீழே எழுதாமல் பட்டியலின் நடுவே வரிசையைச் செருகுங்கள். செருகினால் அச்சுப் பரப்பு தானே விரியும், கீழே எழுதியது 163-க்கு வெளியே நின்றுவிடும்.