போட்டிக் காலத்தில் குறைக்க வேண்டியது எண்ணிக்கையை, எடையை அல்ல

இந்தப் பருவத்தில் பின்தொடைத் தசை கிழிந்து என்னிடம் வந்த நான்காவது உதைபந்தாட்ட வீரர் அவர். கிளிநொச்சிக்கு அருகிலுள்ள கிராமமொன்றின் கழகத்துக்காக வலது ஓரத்தில் ஆடுபவர், வயது 24. அரையிறுதி ஆட்டத்தின் பிற்பாதியில் நீண்ட பந்தொன்றைத் துரத்தி முழு வேகத்தில் ஓடியபோது, தொடையின் பின்புறத்தில் யாரோ கல்லால் எறிந்ததுபோல உணர்ந்து திரும்பிப் பார்த்திருக்கிறார். பின்னால் ஒருவரும் இல்லை. அடுத்த அடியை வைக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக எப்போது பாரம் தூக்கினீர்கள் என்று கேட்டேன். "ரூர்னமென்ட் துவங்கின உடன விட்டிட்டன் சேர். மச் நேரம் வெயிட் அடிச்சா கால் பாரமாப் போயிடும் எண்டு எல்லாரும் சொல்லுறவை" என்றார். அவருக்கு முன் வந்த மூவரும் ஏறக்குறைய இதே சொற்களில்தான் பதில் சொன்னார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கால் பாரமாகும் என்ற இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் வீரர்கள் பொய் சொல்லவில்லை. தாம் உணர்ந்ததைத்தான் சொல்கிறார்கள். போட்டிக்கு முந்திய மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள் கடுமையாகப் பாரம் தூக்கியவர், சுற்றுப்போட்டி தொடங்கியதும் அதை நிறுத்துகிறார். உடலில் சேர்ந்திருந்த களைப்பு முதல் இரண்டு வாரங்களில் இறங்கிவிடுகிறது, ஆனால் சேர்த்துவைத்த பலம் அவ்வளவு விரைவில் இறங்குவதில்லை. ஆகவே அந்த இரண்டு வாரமும் கால் உண்மையிலேயே இலேசாக இருக்கும், ஓட்டமும் நன்றாக இருக்கும். விட்டது நல்லதுதான் என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். மூன்று, நான்கு வாரங்கள் தாண்டியபின் பலம் குறையத் தொடங்குகிறது. அது வலியாகத் தெரிவதில்லை, ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடங்களில்தான் தெரியவரும். அப்போதும் அதை வெயிலின் மீதோ சாப்பாட்டின் மீதோ போட்டுவிடுவது வழக்கம்.

இதன் அடுத்த கட்டம் இன்னும் மோசமானது. என்னிடம் வந்த இந்த வீரர், ஐந்தாவது வாரத்தில் மனம் உறுத்தி ஒரு மாலை ஜிம்முக்குப் போயிருக்கிறார். போட்டி நேரம் என்பதால் கனமாகத் தூக்கக்கூடாதென்று எண்ணி, 40 கிலோவை வைத்து 20 தடவைப்படி நான்கு செற் ஸ்குவாட் செய்திருக்கிறார். மறுநாள் முதல் மூன்று நாட்களுக்குப் படியேற முடியாத தசைவலி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கால் இழுபட்டது. பாரம் தூக்கினால் கால் பாரமாகும் என்பது அவருக்கு அத்துடன் உறுதியாகிவிட்டது. உண்மையில் அந்த வலியைத் தந்தவை ஐந்து வார இடைவெளியும் 80 தடவை என்ற எண்ணிக்கையுமே. பழகிய அசைவை வாரந்தோறும் விடாமல் செய்யும் தசை, அதே அசைவுக்கு அவ்வாறு வலிப்பதில்லை. விட்டுவிட்டுத் திரும்பி வரும்போதுதான் வலிக்கிறது. எதைக் காரணம் காட்டி அவர் பாரத்தை விட்டாரோ, அந்தத் துன்பத்தையே விட்டதன் மூலம் வரவழைத்துக்கொண்டார்.

இலேசான எடையை நிறையத் தடவை தூக்குவது போட்டிக் காலத்துக்குப் பாதுகாப்பானது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பலத்தைத் தக்கவைப்பது எடை. களைப்பையும் வலியையும் பெரும்பாலும் கூட்டுவது மொத்த எண்ணிக்கை. ஆகவே எடையை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணிக்கையைத் தாராளமாக வெட்டலாம். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். போட்டிக்கு முன் 85 கிலோவில், 5 தடவைப்படி 4 செற் ஸ்குவாட்டை வாரத்துக்கு மூன்று நாள் செய்திருந்தார். அது வாரத்துக்கு 60 தடவை. சுற்றுப்போட்டி தொடங்கியபின் அவர் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: செவ்வாய்க்கிழமை 85 கிலோவில் 4 தடவைப்படி 2 செற், வியாழக்கிழமை அதே 85 கிலோவில் 3 தடவைப்படி 2 செற். மொத்தம் 14 தடவை. அறுபது பதினான்காகிறது, 85 மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொரு செற்றையும், இன்னும் இரண்டு தடவை ஒழுங்காகத் தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். கடைசித் தடவை நடுங்கி நடுங்கி எழும்புவது போட்டிக் காலத்துக்குரிய வேலையல்ல.

செவ்வாய்க்கிழமை ஸ்குவாட்டுக்குப் பின் பின்தொடைக்கான வேலை வர வேண்டும். முழங்காலைச் சற்று மட்டும் மடித்து, இடுப்பைப் பின்னே தள்ளி, பாரைத் தொடையோடு ஒட்டி இறக்கி ஏற்றும் ருமேனியன் டெட்லிப்ட்டை 6 தடவைப்படி 2 செற் செய்யலாம். அதற்குப் பின், முழங்காலில் நின்று ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்து இயன்ற அளவு மெதுவாக முன்னே சாயும் நோர்டிக் பயிற்சியை 4 தடவைப்படி 2 செற் செய்யுங்கள். ஒரு துண்டு மெத்தையும் ஒரு நண்பரும் இருந்தால் மைதானத்திலேயே செய்யலாம். உதைபந்தாட்ட வீரர்களிடையே பின்தொடைக் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டிய பயிற்சி இது. இதையும் ஐந்து வாரம் விட்டுவிட்டுத் தொடங்கினால் கடுமையாக வலிக்கும், ஆகவே விடாதீர்கள். வியாழக்கிழமை நோர்டிக் வேண்டாம். ஸ்குவாட்டும் குதிக்கால் உயர்த்தலும் போதும். சூடேற்றும் செற்களோடு சேர்த்து ஒரு நாளுக்கு முப்பது, முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

ஞாயிறு ஆட்டமென்றால் ஏன் செவ்வாயும் வியாழனும் என்று பயிற்றுநர்கள் கேட்பார்கள். ஆட்டம் முடிந்து இரண்டாம் நாளில் கால் ஓரளவு தேறியிருக்கும். வியாழனுக்கும் ஞாயிறுக்கும் இடையில் முழுதாக இரண்டு நாள் இருக்கிறது. பாரத்தைக் களப்பயிற்சி உள்ள நாளிலேயே, பயிற்சிக்குப் பின் செய்யுங்கள். ஓய்வு நாளில் தனியாகக் கொண்டுபோய் வைத்தால் ஓய்வே இல்லாமல் போகும். சனியும் ஞாயிறும் ஆட்டம் வந்துவிட்டால் வியாழனை விட்டுவிட்டுச் செவ்வாயை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நோர்வேயின் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்களிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், வாரத்துக்கு ஒரு முறை தூக்கியவர்கள் கால் பலத்தையும் ஓட்ட வேகத்தையும் பருவத்தின் முதற் பன்னிரண்டு வாரங்களில் இழக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தூக்கியவர்கள் இரண்டிலும் பின்தங்கினார்கள். ஆகவே வாரத்துக்கு ஒன்று என்பது தாழ்ந்த எல்லை. இரண்டைத் திட்டமிட்டால்தான் ஒன்று தவறினாலும் ஒன்று மிஞ்சும்.

"வயலில மூட்டை தூக்குறன்தானே சேர், அது காணாதா?" என்பது எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி. காணாது. நெல்மூட்டையை முதுகிலும் தோளிலும் சுமந்து நடப்பது உடலைக் களைக்கவைக்கும், ஆனால் முழு வேக ஓட்டத்தில் நீண்டபடியே இழுபடும் பின்தொடைத் தசைக்கு அது தேவையான வேலையைத் தருவதில்லை. எனினும் அந்தக் களைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். காலபோக அறுவடை நாட்களில் பகல் முழுவதும் மூட்டை ஏற்றியவர் அன்று மாலை ஸ்குவாட் செய்யக்கூடாது. அடுத்த நாளுக்குத் தள்ளிவைத்து, ஒரு செற்றோடு நிறுத்தினாலும் எடையைக் குறைக்காமல் செய்யட்டும்.

பட்மின்டன் விளையாடுவோருக்கு வாரத்தின் அமைப்பு வேறு. அவர்கள் வாரத்தில் நான்கு ஐந்து மாலை ஆடுகிறார்கள், ஒரு பெரிய ஆட்ட நாள் என்று இருப்பதில்லை. ஆகவே இடையில் ஒரு நாளாவது விட்டு இரண்டு நாட்களைத் தெரிந்து, ஆட்டம் முடிந்தபின் தூக்கலாம். தூக்கிவிட்டு ஆடப் போவது நல்லதல்ல. வலைக்கருகே பந்தை எடுக்க நீட்டிப் பாயும்போது மட்டை பிடிக்கும் பக்கத்துக் கால்தான் முழு உடலையும் நிறுத்துகிறது. அதற்காக டம்பெல்களைக் கையில் பிடித்து, ஒரு காலை முன்வைத்து இறங்கி எழும் பயிற்சியை ஒவ்வொரு காலுக்கும் 5 தடவைப்படி 2 செற் செய்ய வேண்டும். பின்கோட்டிலிருந்து உந்தி எழும் மற்றக் காலின் கெண்டைத் தசையையும் குதிநாணையும் பலர் மறந்துவிடுகிறார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டி, நாள் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு மாலையில் நேரே கோட்டுக்குள் இறங்குபவர்களே, குதிநாண் அறுந்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆட்டத்தை மறக்க வேண்டும். எடையோடு ஒற்றைக் காலில் குதியை உயர்த்தி மெதுவாக இறக்குவதை 8 தடவைப்படி 2 செற் செய்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பலம் இறங்குகிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். நிலத்தில் மல்லாந்து படுத்து, சுமார் 60 சென்றிமீற்றர் உயரமான உறுதியான பெட்டியொன்றின் மேல் ஒரு குதியை வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, மற்றக் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு இடுப்பை முழுதாக உயர்த்தி இறக்குங்கள். ஒழுங்காக எத்தனை முறை முடிகிறதென்று எண்ணி எழுதிவையுங்கள். முப்பது நல்லது, இருபதுக்குக் கீழே போனால் கவனம் வேண்டும். பருவத்துக்கு முன் எடுத்த எண்ணிக்கையை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். என் வீரர் பருவத் தொடக்கத்தில் இரண்டு காலிலும் 27 எடுத்தவர். அரையிறுதிக்குப் பின் காயப்படாத காலில் நான் எண்ணியபோது 14இல் இடுப்பு நடுங்கி நின்றுவிட்டது. காயப்பட்ட காலை அன்று சோதிக்கவில்லை, சோதிக்கவும் கூடாது. அந்தக் கிழிசலுக்கு முழுக் காரணமும் இதுவே என்று நான் சொல்லமாட்டேன். அன்றைய வெயிலுக்கும் முந்திய நாள் ஆட்டத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நல்ல கால் பதினான்கில் நின்றதை வெயிலால் விளக்க முடியாது.

இதுவரை பாரமே தூக்காதவர் இதை வாசித்துவிட்டு நாளைக்கே 85 கிலோவுக்குக் கீழே போய் நிற்க வேண்டாம். அவருக்குத் தக்கவைக்க இன்னும் எதுவும் சேரவில்லை. வெறும் பாரோடு அசைவைப் பழகி, வாரத்துக்கு இரண்டரை அல்லது ஐந்து கிலோ கூட்டி, வலியில்லாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டு போகட்டும். தூக்கும்போது ஓரிடத்தில் கூராகக் குத்தினாலோ, தூக்கிய மறுநாளும் வலி குறையாமல் ஏறினாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். வழக்கமான எடையே ஒரு செவ்வாய்க்கிழமை மிக மெதுவாக எழும்பினால், அன்றைக்கு ஒரு செற்றோடு வீட்டுக்குப் போங்கள்.

கழகப் பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிநேரக் களப்பயிற்சியில் கடைசி அரை மணிநேரத்தை இதற்குத் தாருங்கள். ஜிம் தொலைவென்றால் ஒரு பாரும் சில தட்டுகளும் இரண்டு தாங்கிகளும் மைதானத்துக் களஞ்சிய அறையில் இருந்தாலே ஓர் அணிக்குப் போதும். பையன்கள் மூன்று மூன்று பேராக மாறி மாறித் தூக்கலாம், ஒருவர் தூக்க மற்ற இருவரும் பாருக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.